மேற்குப் பார்த்த மாடி அறையின் சூடு: ஃபோம் பலகை, ஹாலோ பிளாக், இடைவெளிச் சுவர்

தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் வழக்கமாகக் காணும் ஒரு மாடி வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கீழே ஒரு நிலை, மேலே ஒரு நிலை. மேல் வார்ப்பு 12 சென்டிமீட்டர் கான்கிரீட், அதன் மேல் எதுவும் இல்லை. சுவர் 23 சென்டிமீட்டர் செங்கல், இருபுறமும் சிமெண்ட் பூச்சு. மேற்குப் பார்த்த படுக்கை அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், அதாவது 14 சதுர மீட்டர் கூரை. ஜன்னலைக் கழித்தால் மேற்குச் சுவர் 10.5 சதுர மீட்டர். மாசி பிறந்தால் இந்த அறையில் இரவு பதினோரு மணிக்கும் மின்விசிறி அனல்தான் தரும். வீட்டுக்காரர் முன்னால் மூன்று யோசனைகள் வரும். ஒருவர் கூரையில் ஃபோம் பலகை போடச் சொல்வார். இன்னொருவர் மேற்குச் சுவரை ஹாலோ பிளாக்கில் கட்டச் சொல்வார். மூன்றாமவர் இரண்டு சுவர் வைத்து நடுவில் காற்று விடச் சொல்வார். மூன்றும் வேறு வேறு வேலையைச் செய்பவை. எது எங்கே பயன்படும் என்பதை முதலில் கணக்கு காட்டட்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது

குமரி மாவட்டம் ஏறத்தாழ 8 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், ஆகஸ்ட் கடைசி - செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. டிசம்பரில்கூட நண்பகல் வெயில் தொடுவானிலிருந்து 58 டிகிரி உயரத்தில் இருக்கும். அதனால் கோடையில் தெற்கு, வடக்குச் சுவர்களை அரை மீட்டர் சன்ஷேடே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கூரைக்கு அப்படி ஒரு மறைப்பு இல்லை. கிழக்கு, மேற்குச் சுவர்களிலும் வெயில் தாழ்ந்து வந்து அடிப்பதால் சன்ஷேடு உதவாது.

இங்கே காற்றின் வெப்பம் பெரிய எதிரி இல்லை. கோடையிலும் பகலில் 32, 33 டிகிரிதான். வேலூர், மதுரை போல 40 தொடுவதில்லை. சுடுவது வெயில் விழும் பரப்பு. பழுத்துக் கறுத்த கான்கிரீட் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சும். சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழும் நண்பகலில் அந்தக் கூரை, வெளியே 55 டிகிரி காற்று இருப்பதற்குச் சமமான நிலையில் இருக்கும். மேற்குச் சுவருக்கு மாலை நான்கு மணிக்கு அந்த எண் 46 டிகிரியை ஒட்டி வரும். அறைக்குள் 29 டிகிரி என்று வைத்தால் கூரையில் 26 டிகிரி வித்தியாசம், சுவரில் 17.

ஒரு சுவரோ கூரையோ எவ்வளவு வெப்பத்தை விடுகிறது என்பதை யூ மதிப்பு சொல்லும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டரில் எத்தனை வாட் புகுகிறது என்பதே அது. குறைந்தால் நல்லது. வெறும் வார்ப்புக்கு 3.3, செங்கல் சுவருக்கு 2.0. பெருக்கிப் பார்த்தால் நம் அறையின் கூரை வழியாக 1200 வாட், மேற்குச் சுவர் வழியாக 360 வாட். வார்ப்புக்கு அடியில் ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வைத்ததுபோல. வார்ப்பும் சுவரும் சூட்டை வாங்கி வைத்துத் தாமதமாக விடுவதால் உண்மையில் உச்சம் இந்த அளவு ஏறாது, நேரமும் தள்ளிப்போகும். இரவில் அறை சுடுவது இந்தத் தாமதத்தால்தான். ஆனால் எது பெரியது, எது சிறியது என்ற ஒப்பீடு மாறாது. முதல் வேலை கூரையில்.

ஹாலோ பிளாக்: பெயரில் இருக்கும் காற்று

"உள்ளே காத்து நிக்குது, சூடு வராது" என்று கொத்தனார் சொல்வதைப் பல இடங்களில் கேட்கலாம். காற்று நிற்பது உண்மை. ஆனால் பிளாக்கின் முன் தகட்டையும் பின் தகட்டையும் இணைக்கும் குறுக்குச் சுவர்கள் அடர்த்தியான கான்கிரீட். வெப்பம் காற்றைச் சுற்றிக்கொண்டு அவற்றின் வழியே வந்துவிடும். செங்கல்லைவிட கான்கிரீட் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் கடத்தும். முடிவில் 20 சென்டிமீட்டர் ஹாலோ பிளாக் சுவரின் யூ மதிப்பு 2.6 வரை வருகிறது. நம் மேற்குச் சுவரை அதில் கட்டினால் 360 வாட் குறையாது, 460 ஆக ஏறும்.

ஹாலோ பிளாக் மலிவு, வேகம், கலவைச் சிக்கனம் என்பவற்றுக்காக வாங்க வேண்டிய பொருள். சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை பிளாக் போதும், சுவர் மளமளவென்று ஏறும். சூட்டுக்காக வாங்கினால் ஏமாற்றம். குழிக்குள் தெர்மாகோல் மணி நிரப்பும் யோசனையும் குறுக்குச் சுவர்கள் இருக்கும்வரை கொஞ்சம்தான் உதவும். சுட்ட களிமண் ஹாலோ பிளாக் வேறு சாதி. அதன் மெல்லிய தடுப்புகள் வெப்பத்துக்கு நீளமான சுற்றுவழி போடுவதால் செங்கல்லைவிட நன்றாகத் தடுக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் கடையில் குழப்பம் வருகிறது.

மழை விஷயத்திலும் கான்கிரீட் ஹாலோ பிளாக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளித் தகடு மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்தான். பூச்சில் மயிரிழை வெடிப்பு வந்தால் தண்ணீர் குழிக்குள் இறங்கும், கீழ் வரிசைவரை போய்த் தேங்கும். உள்பக்கத்தில் தரைக்கு மேல் ஒரு அடி உயரத்தில் வரிசையாக ஓதம் பிடித்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் காடி வெட்டும்போது தகடு உடைந்து குழி திறந்துவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு.

இதே பிளாக்கின் 10 சென்டிமீட்டர் வகையைக் கூரை மேல் படுக்க அடுக்கி, மேலே கான்கிரீட் போடுபவர்களும் இருக்கிறார்கள். கூரையில் இது ஓரளவு வேலை செய்யும். 1200 வாட் 750க்கு இறங்கும். ஆனால் பிளாக் சதுர மீட்டருக்குச் சுமார் 130 கிலோ, மேல் கான்கிரீட் 120 கிலோ. நடமாட்டம் உள்ள மொட்டைமாடிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் நடமாட்டச் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோவை ஒட்டியதுதான். அதற்கு மேல் 250 கிலோவை, வடிவமைப்பில் நினைத்தே பார்க்காத ஒரு வார்ப்பின் மேல் ஏற்றுவது சரியல்ல.

இடைவெளிச் சுவர்: சூட்டைவிட மழைக்கு

இரண்டு பக்கமும் அரைக்கல் சுவர், நடுவே 5 சென்டிமீட்டர் காற்று. யூ மதிப்பு 1.5. நம் சுவர் வழி வரும் 360 வாட் 265 ஆகும். நல்லதுதான், ஆனால் கூரையின் 1200க்கு முன்னால் இந்த நூறு வாட் சின்னது. வெப்பத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு கூலி கொடுத்து இதைக் கட்டத் தேவையில்லை.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் இதற்கு வேறொரு நியாயம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை சாய்ந்து வந்து அடிப்பது மாலை வெயில் காய்ச்சும் அதே மேற்குச் சுவரில். பூச்சு கோடையில் வெடிக்கும், ஆனியில் அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும். நனைந்த செங்கல் வெப்பத்தையும் கணிசமாகக் கூடுதலாகக் கடத்தும். இடைவெளிச் சுவரில் வெளிச் சுவர் நனையலாம், தண்ணீர் இடைவெளிக்குள் வழிந்து அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேறும். உள்சுவர் காய்ந்தே இருக்கும். அந்த ஒரு சுவருக்கு மட்டும் இது பொருந்தும். மற்ற மூன்று பக்கமும் செய்வது வீண் செலவு.

இதில் வெற்றியும் தோல்வியும் கட்டும் நாளிலேயே தீர்மானமாகிவிடும், ஏனென்றால் பிறகு உள்ளே பார்க்க வழியில்லை. கல் வைக்கும்போது சிந்தும் கலவை இடைவெளிக்குள் விழுந்து, இரு சுவரையும் இணைக்கும் கம்பிகள் மேல் தங்கும். காய்ந்ததும் அது ஒரு பாலம். வெளிச் சுவர்த் தண்ணீர் அதன் வழியே நேராக உள்ளே வரும். உள்சுவரில் தேங்காய் அளவுக்கு வட்ட வட்டமாக, ஒன்றுக்கொன்று ஒழுங்கான தூரத்தில் ஓதம் தெரிந்தால் அவை கம்பி இருக்கும் இடங்கள். இதைத் தடுக்க, இடைவெளியைவிடச் சற்று ஒடுக்கமான மரச்சட்டத்தை இரு முனையிலும் கயிறு கட்டி இடைவெளிக்குள் தொங்கவிட வேண்டும். அடுத்த வரிசைக் கம்பி வைக்கும் முன், அதாவது 45 சென்டிமீட்டர் ஏறியதும், சட்டத்தைத் தூக்கி மேல் விழுந்த கலவையை வழித்துப் போட்டு மறுபடி வைக்க வேண்டும். அடி வரிசையில் மீட்டருக்கு ஒரு கல்லை வைக்காமல் விட்டு, தினமும் மாலை அதன் வழியே கம்பி விட்டுச் சுரண்டி எடுத்து, கடைசியில் அடைக்கலாம். தூக்குச் சட்டம் இல்லாமல் "பார்த்துக் கட்டிடலாம்" என்று தொடங்கும் வேலையை நம்ப வேண்டாம்.

கம்பி படுக்கை வசத்தில் 90 சென்டிமீட்டருக்கு ஒன்று, உயரத்தில் 45 சென்டிமீட்டருக்கு ஒன்று. வெளிப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரிக் கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தவிர வேறு கூடாது. கட்டுக்கம்பியை முறுக்கி வைத்தால் உப்புக் காற்றில் அது துருப்பிடித்து அறுந்து, வெளிச் சுவர் தனியாக நிற்கும். இடைவெளியின் அடி, தரை மட்டத்து ஈரத் தடுப்புப் படலத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே முடிய வேண்டும். வடிகால் துளை மீட்டருக்கு ஒன்று, உள்ளே மெல்லிய வலை. வலை இல்லாவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். ஜன்னல் ஓரங்களில் இடைவெளியைக் கல் வைத்து மூடும்போது நடுவே கனமான பிளாஸ்டிக் தாளோ தார்த்தாளோ செங்குத்தாக வைக்க வேண்டும். லின்டல் மேல் அதே தாள் உள்ளிருந்து வெளியே சரிந்து படிய வேண்டும். இந்தத் தாளை மறந்த வீடுகளில் ஜன்னல் ஓரம்தான் முதலில் கறுக்கும்.

தூண், பீம் உள்ள வீட்டுக்கு இரண்டு அரைக்கல் சுவர் போதும். வார்ப்பின் எடையைச் சுவரே தாங்கும் வீட்டில் உள்சுவர் 23 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். அப்போது மொத்தக் கனம் 40 சென்டிமீட்டரைத் தொடும், அறையின் அளவு குறையும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு, செங்கல்லைச் செங்குத்தாக வைத்து 23 சென்டிமீட்டருக்குள்ளேயே குழி விடுவது. கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும், சூடும் ஓரளவு குறையும். ஆனால் குறுக்குக் கற்கள் வெளியிலிருந்து உள்வரை போவதால் சாரல் அடிக்கும் சுவரில் அது இடைவெளிச் சுவருக்கு மாற்றாகாது.

ஃபோம் பலகை: கூரைக்கு

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்த கெட்டியான ஃபோம் பலகைக்கு எக்ஸ்பிஎஸ் என்று பெயர். 5 சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகையை வார்ப்பின் மேல் போட்டால் யூ மதிப்பு 3.3லிருந்து 0.53க்கு இறங்கும். 1200 வாட் 190 ஆகும். இதைவிடக் கவனிக்க வேண்டியது உள்கூரையின் சூடு. வெறும் வார்ப்பின் அடிப்பக்கம் கணக்குப்படி 43 டிகிரி வரை போகும், பலகை போட்டால் 31. படுத்திருப்பவர் உடல்மேல் அந்த 43 டிகிரிப் பரப்பு வீசும் அனலைத்தான் நாம் புழுக்கம் என்கிறோம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரிதான் குறைந்தாலும் அறை வேறு அறையாகத் தெரிவது இதனால்.

கனம் எவ்வளவு? இரண்டரை சென்டிமீட்டர் போட்டாலே 1200 வாட் 325 ஆகிவிடும். ஐந்து சென்டிமீட்டருக்கு 190, ஏழரைக்கு 136. முதல் இரண்டரைதான் பெரும் வேலையைச் செய்கிறது. ஐந்துக்கு மேல் போவதில் குமரி வெயிலுக்குப் பொருள் இல்லை. மிச்சப் பணத்தை மேலே வெள்ளை ஓடு பதிக்கச் செலவிடலாம்.

பலகை வாங்கும்போது தராசு எடுத்துக்கொள்வது நல்லது. 125 சென்டிமீட்டருக்கு 60, கனம் 5 என்ற அளவுள்ள எக்ஸ்பிஎஸ் பலகை, கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியில் 1.2 கிலோ இருக்கும். அரைக் கிலோ சொச்சம்தான் வந்தால் அது 15 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல், குளச்சலில் மீன் அடைக்கும் பெட்டியின் உறவு. மேலே கான்கிரீட் போட்டு நடந்தால் அமுங்கும், மணிகளுக்கு நடுவே தண்ணீரும் ஏறும்.

60 சதுர மீட்டர் மாடிக்கு 80 பலகை, வெட்டுச் சேதத்துக்கு 4 சேர்த்து 84. அதற்கு முன் வார்ப்பைச் சுரண்டிக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, தண்ணீர்க் குழாயை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவைக் கலவையில் ஏற்படுத்த வேண்டும். சரிவு பலகைக்கு அடியில் இருக்க வேண்டும், மேலே மட்டும் இருந்தால் அடியில் தண்ணீர் தேங்கும். அதன் மேல் சிமெண்ட் - பாலிமர் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, கைப்பிடிச் சுவரில் ஒரு அடி ஏற்றி. தார் கரைசல், தின்னர் கலந்த பிரைமர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பாலிஸ்டைரீன் அவற்றில் கரைந்து குழி விழும். நெருப்பு காட்டி ஒட்டும் தார்த்தாளும் அப்படியே, 75 டிகிரிக்கு மேல் பலகை தாங்காது. பூச்சு காய்ந்ததும் குழாய்களை அடைத்து, ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுக் கீழே பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்கள் பிறகு ஒரு சொட்டுக் கசிவுக்காக மொத்த மாடியையும் உடைக்க நேர்கிறது.

அடுத்து பலகை. ஓரத்தில் பாதி வெட்டு உள்ள வகையை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்று கவ்வும்படி, செங்கல் கட்டுபோல மூட்டு மாற்றிப் பரப்ப வேண்டும். ஒட்டத் தேவையில்லை. ஆனால் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்று மாதங்களில் திறந்து கிடக்கும் பலகை பக்கத்து வயலில்தான் கிடைக்கும். ஆகவே அன்றைக்கு மூட முடிகிற அளவே விரிக்க வேண்டும். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் மேல்பரப்பு மஞ்சளாகிப் பொடியும். பலகை மேல் ஜியோ துணி எனும் செயற்கை இழைத் துணியை விரித்து, 5 சென்டிமீட்டர் கனத்துக்கு 1:2:4 கலவையில் சின்ன சிப்ஸ் ஜல்லி கான்கிரீட், நடு உயரத்தில் வெல்டு மெஷ் கம்பி வலை. 60 சதுர மீட்டருக்கு 3 கன மீட்டர் கான்கிரீட், சிமெண்ட் 19 மூட்டை. எடை 7 டன்னைத் தாண்டும். செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்ட பழைய மாடியானால் அதை எடுத்துவிட்டு இதைப் போடும்போது பொதுவாகச் சுமை கூடுவதில்லை. வெறும் வார்ப்பாக இருந்தால் பொறியாளரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும்.

மேல் கான்கிரீட் வெடிப்பது அடிக்கடி வரும் புகார். அடியில் ஈரம் உறிஞ்சும் பரப்பு இல்லை, மேலே வெயில். மேல்பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து சுருங்கி ஓரங்கள் தூக்கும். இரண்டு மீட்டருக்கு ஒரு கோடு வெட்டி, ஏழு நாள் சாக்கு நனைத்துப் போட்டால் அது அடங்கும். அப்புறம் பலரும் மறந்துவிடுவது மாடியின் தரைமட்டத்தை. மாடி 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. படிக்கட்டு அறையின் வாசற்படி அதற்குக் கீழே போனால் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய் இரண்டு மட்டத்திலும், மேல் பரப்பிலும் பலகைக்கு அடியில் உள்ள பூச்சிலும், திறந்திருக்க வேண்டும்.

வேலை சரியா என்று பார்க்க அகச்சிவப்பு வெப்பமானி போதும். வெயில் நாளில் பிற்பகல் மூன்று முதல் ஆறுவரை உள்கூரையில் அரை மீட்டர்க் கட்டங்களாகக் குறிபார்த்து எழுத வேண்டும். ஒரு கோடாகச் சூடு ஏறி இருந்தால் அங்கே மூட்டு வாய் பிளந்திருக்கிறது. சுவரோரம் மட்டும் சுட்டால் கைப்பிடிச் சுவர் வழியே சூடு இறங்குகிறது, அதன் உள்பக்கத்திலும் ஒரு அடி உயரத்துக்குப் பலகை ஏற்ற வேண்டும்.

அதே பலகையை வார்ப்புக்கு அடியில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைப்பது எளிது, ஆனால் வார்ப்பு வெயிலில் தொடர்ந்து விரிந்து சுருங்கும், கைப்பிடிச் சுவர் மூட்டு வெடிக்கும், கசிவு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. திறந்து கிடக்கும் ஃபோம் தீப்பிடித்தால் வரும் கரும்புகை வேறு. சுவருக்கு வெளியே ஒட்டினால் மேற்குச் சுவரின் 360 வாட் 90க்கு இறங்கும். ஆனால் ரப்பர் தோட்டத்து மண்ணில் கரையான் பலகைக்குள் சுரங்கம் போடும். தரையிலிருந்து ஒரு அடி விட்டுத் தொடங்கி, கண்ணாடி இழை வலை பதித்த பூச்சால் அடிமுனையையும் மூடவில்லை என்றால் பூச்சு ஊதியபிறகுதான் தெரியவரும். பலகை மேல் வெறும் சிமெண்ட் பூச்சு பிடிக்கவும் பிடிக்காது.

நம் அறைக்கு எது

வீடு ஏற்கெனவே கட்டியதென்றால் கூரையில் ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ், மேற்குச் சுவருக்கு வெளியே நிழல். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் கொடிப்பந்தலோ செங்குத்து மரச்சட்டமோ அந்த 360 வாட்டில் பெரும்பகுதியை வெயில் விழுமுன்பே நிறுத்தும். புதிதாகக் கட்டுவதென்றால் சாரலுக்காக மேற்குச் சுவரை மட்டும் இடைவெளிச் சுவராக்கலாம். உள்சுவர்களுக்கும் மதிலுக்கும் ஹாலோ பிளாக் தாராளமாகப் போகட்டும்.

கையில் காசு இல்லாத ஆண்டில் செய்யக்கூடியது வெள்ளைப் பூச்சு. வெயிலில் 30 சதவீதம் மட்டும் உறிஞ்சும் வெள்ளைக் கூரை, வேறெதுவும் இல்லாமலே 1200 வாட்டை 500க்குப் பக்கத்தில் கொண்டுவரும். ஹாலோ பிளாக் பரப்புவதைவிட அது மேல், எடையும் கிடையாது. குமரியில் அதன் எதிரி பாசி. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் ஆவணியிலேயே பூச்சு பச்சையாகி, மார்கழியில் கறுத்துவிடும். தை மாதம் வெயில் ஏறுமுன் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, தேய்த்துக் கழுவி, தேவையான இடத்தில் ஒரு கை பூச வேண்டும். கழுவும் தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குப் போகாதபடி குழாயை அன்று திருப்பிவிட வேண்டும்.